வரிக்குக் காசு, சொல்லுக்குக் காசு: ஒரே விளம்பரத்தை இரண்டு பத்திரிகைக்கும் எப்படி எழுதுவது?

சாரல் எழுதியது:

வீட்டிலிருக்கும் தையல் இயந்திரத்தை விற்க வேண்டும். இரண்டு பத்திரிகைகளில் வரி விளம்பரம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முதல் பத்திரிகையில் சொல்லுக்குக் கட்டணம். குறைந்தபட்சம் 15 சொற்கள், அதற்கு மேல் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாகக் காசு. இரண்டாவதில் வரிக்குக் கட்டணம். குறைந்தபட்சம் 3 வரிகள், ஒரு வரிக்குச் சுமார் 20 எழுத்துகள் என்று கவுண்ட்டரில் சொன்னார்கள். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்பனை என்ற பிரிவில் வரும்.

நான் எழுதி வைத்திருப்பது இது:

"எங்கள் வீட்டில் உபயோகித்து வந்த, மிகவும் நல்ல நிலையில் உள்ள, மோட்டார் பொருத்தப்பட்ட தையல் இயந்திரம் ஒன்று மர மேசையுடன் விற்பனைக்கு உள்ளது. இயந்திரம் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விருப்பம் உள்ளவர்கள் கீழ்க்கண்ட தொலைபேசி எண்ணில் மாலை ஆறு மணிக்கு மேல் தொடர்பு கொள்ளவும். விலை நேரில் பேசித் தீர்மானித்துக் கொள்ளலாம். 00000 00000"

எண்ணிப் பார்த்தால் 40 சொற்கள் வருகின்றன. எண்ணைச் சுழியமாக்கியிருக்கிறேன். எதை வெட்டுவது, எதை விடுவது? ஒரே வாசகத்தை இரண்டுக்கும் கொடுக்கலாமா?

---

குறுக்குவழி எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சொல் என்பது இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருப்பது. இடைவெளியை எடுத்துவிடுங்கள். "தையல்இயந்திரம்", "மரமேசையுடன்", "நல்லநிலையில்", "தொடர்புகொள்ளவும்" என்று சேர்த்து எழுதினால் பாதிச் சொற்கள் மறைந்துவிடும். தமிழில் சேர்த்து எழுதுவது தவறும் இல்லை. உங்கள் தொலைபேசி எண்ணையே பாருங்கள், நடுவில் இடைவெளி விட்டதால் இரண்டு சொற்களாகிவிட்டது.

---

மூன்றாம்பத்தி எழுதியது:

எண்ணைப் பற்றிச் சொன்னது சரி. இடைவெளி இல்லாமல் எழுதினால் அது ஒரே சொல், உடனே 39 ஆகிவிடுகிறது. மற்றது பாதிதான் சரி. வரி விளம்பரப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், "நல்லநிலையில்" என்று எழுதிக் கொடுத்தால் மேசையில் இருப்பவர் அதை இரண்டாகப் பிரித்து எண்ணுவார். "படுக்கையறை", "தொலைபேசி" போல ஒரே சொல்லாக வழங்குவதை ஒன்றாகவே விட்டுவிடுவார். "மரமேசை" இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அது அன்று மேசையில் இருப்பவரைப் பொறுத்தது. இணையப் படிவத்தில் கொடுத்தால் இயந்திரம் இடைவெளியை மட்டும் பார்த்துக் குறைந்த தொகை காட்டும். பிறகு மனிதர் ஒருவர் அதைப் பார்த்து, மீதிப் பணம் கேட்டு அழைப்பார், அல்லது ஒருநாள் நிறுத்தி வைப்பார்.

சாரல் அம்மா, உங்கள் வாசகத்தில் முதலில் போக வேண்டியவை பத்திரிகை ஏற்கெனவே இலவசமாகச் சொல்லிவிடுகிற சொற்கள். பிரிவின் தலைப்பிலேயே விற்பனை என்று இருக்கிறது. ஆகவே "விற்பனைக்கு உள்ளது" வேண்டாம். வரி விளம்பரத்தின் கடைசியில் ஓர் எண் இருந்தால் அது தொலைபேசி எண் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே "விருப்பம் உள்ளவர்கள் கீழ்க்கண்ட தொலைபேசி எண்ணில் தொடர்பு கொள்ளவும்" என்ற ஏழு சொற்களும் வேண்டாம். "எங்கள் வீட்டில் உபயோகித்து வந்த" என்பதும் வேண்டாம், கடைக்காரர் கொடுத்த விளம்பரமாக அது தெரியாது.

அடுத்து "மிகவும் நல்ல நிலையில் உள்ள". அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பொருளும் நல்ல நிலையில்தான் இருக்கும். படிப்பவர் கண் அதில் நிற்காது. அந்த நான்கு சொற்களுக்குப் பதில் "4 ஆண்டு உபயோகம்" என்ற மூன்று போதும். அது சரிபார்க்கக்கூடிய செய்தி.

மீதியைக் கூட்டினால் சொல் பத்திரிகைக்கு இப்படி வரும்:

"தையல் இயந்திரம், மோட்டார், மர மேசையுடன், 4 ஆண்டு உபயோகம். இன்னபுரம். விலை 00000. மாலை 6க்கு மேல்: 0000000000"

சரியாக 15. உங்கள் வாசகத்தில் இல்லாத இரண்டு செய்திகளைச் சேர்த்திருக்கிறேன்: இடம், விலை. இன்னபுரம் என்ற இடத்தில் உங்கள் பகுதியின் பெயர். மேசையோடு கூடிய இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவருக்கு முதல் கேள்வியே எங்கே என்பதுதான்.

---

பழம்பொருள் எழுதியது:

விலையைப் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பழைய பொருட்களை வாங்கி விற்பவன், மாதம் தவறாமல் விளம்பரம் கொடுக்கிறேன். விலையைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் பேச மாட்டார்கள், எல்லோரும் அதற்குக் கீழேயே ஆரம்பிப்பார்கள். தவிர, அந்த இரண்டு சொற்களில் "பழுதில்லை, நேரில் பார்க்கலாம்" என்று எழுதிவிடலாம்.

---

மூன்றாம்பத்தி எழுதியது:

நீங்கள் எழுதியிருப்பது மூன்று சொற்கள்.

உங்களுக்கு அழைப்புகள் அதிகம் வருவது லாபம், ஏனென்றால் இது இல்லையென்றால் வேறொன்றை விற்பீர்கள். அவர் விற்பது ஒரே ஒரு பொருள். விலை தெரியாத விளம்பரத்துக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுபவை. இரண்டு சொற்களின் காசைக் கொடுத்து அந்த அழைப்புகளைத் தவிர்க்கலாம்.

---

பழம்பொருள் எழுதியது:

அழைப்பை எடுப்பதற்குச் சோம்பல் என்றால் விளம்பரமே எதற்கு? விலை கேட்டு வைத்தவர் மறுநாள் திரும்ப அழைத்து வாங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

---

வடக்குவாசல் எழுதியது:

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். சான்றிதழ் ஒன்று தொலைந்துவிட்டது. மறுபிரதி வாங்க வேண்டுமானால் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சொல்லுக்குக் காசு என்பதால் நானும் எல்லாவற்றையும் சுருக்கி, பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு, சான்றிதழ் எண்ணை விட்டுவிட்டு வெளியிட்டேன். அலுவலகத்தில் ஏற்க மறுத்துவிட்டார்கள். இப்போது எந்தச் சொற்களை எடுத்தால் ஏற்பார்கள்?

---

மூன்றாம்பத்தி எழுதியது:

உங்களுடையது வேறு வகை. அதை வாங்குபவர் படிப்பதில்லை, கோப்பில் வைக்கும் அதிகாரி படிக்கிறார். சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர், சான்றிதழின் பெயர், எண், வழங்கிய ஆண்டு, எல்லாம் இருந்தாக வேண்டும். அலுவலகத்தில் மாதிரி வாசகம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதில் ஒரு சொல்லையும் தொடாதீர்கள். சுருக்க முடியாத வாசகத்தை, வரிக்கும் சொல்லுக்கும் கணக்குப் பார்த்து எதில் குறைவாக வருகிறதோ அங்கே கொடுக்கலாம், அவ்வளவுதான் செய்ய முடியும்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

வரிப் பத்திரிகையைப் பற்றி யாரும் பேசவில்லையே. மூன்றாம்பத்தி கொடுத்த அந்த 15 சொற்களை 20 எழுத்து வரிகளாக உடைத்துப் பார்த்தேன். இடைவெளி, நிறுத்தற்குறி ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாகவே எண்ணினேன்.

தையல் இயந்திரம், மோட்டார், மர
மேசையுடன், 4 ஆண்டு உபயோகம்.
இன்னபுரம். விலை 00000. மாலை
6க்கு மேல்: 0000000000

நான்கு வரிகள். ஒரு வரி அதிகம். சொல் பத்திரிகையில் எழுத்து எவ்வளவு நீளமானாலும் கவலை இல்லை, "மேசையுடன்" என்றாலும் "மேசை" என்றாலும் ஒரே காசு. வரிப் பத்திரிகையில் நேர்மாறு, எத்தனை சொல் என்பது பொருட்டே இல்லை. ஆகவே இங்கே நீளமான சொற்களைக் குட்டையாக்க வேண்டும். "இயந்திரம்" ஆறு எழுத்து, "மெஷின்" மூன்று. "மேசையுடன்" ஐந்து, "மேசை" இரண்டு. நேரத்தை எடுத்துவிட்டால்:

தையல் மெஷின், மோட்டார், மர மேசை
4 ஆண்டு உபயோகம். இன்னபுரம்.
விலை 00000. 0000000000

மூன்று வரிகளும் 20, 20, 20. ஓர் எழுத்துகூட வீணாகவில்லை.

---

குறுக்குவழி எழுதியது:

அருமை. இதில் சேர்த்து எழுதினால் இன்னும் இடம் மிச்சமாகுமே? இடைவெளியும் எழுத்துக் கணக்கில் வருகிறதல்லவா?

---

மூன்றாம்பத்தி எழுதியது:

வரிப் பத்திரிகையில் அது ஆபத்து. குறுகிய பத்தியில் நீளமான ஒட்டுச் சொல் வரியில் இடம் கொள்ளாவிட்டால் முழுதாக அடுத்த வரிக்குப் போய்விடும். முந்தைய வரியின் பாதி வெறுமையாக நிற்கும், அந்த வெறுமைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். சில பத்திரிகைகள் சொல்லை நடுவில் முறித்துப் போடும், அப்போது அந்தக் கவலை இல்லை, ஆனால் படிக்கச் சகிக்காது. உங்கள் பத்திரிகை எந்த ரகம் என்று அந்தப் பக்கத்தையே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எண்ணும்எழுத்தும், உங்கள் முதல் வரி அச்சில் ஒரே வரியாக நிற்காது. கணக்கு தப்பில்லை, அளவுகோல்தான் பொருந்தவில்லை. "மோ" உங்கள் கணக்கில் ஓர் எழுத்து. அச்சில் அதற்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், ஆக மூன்று துண்டுகளின் அகலம். "தை", "மெ", "மே", "சை" எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு துண்டு கூடுதல். "டா"வுக்குப் பின்னால் ஒன்று. புள்ளி தலைக்கு மேல் உட்கார்ந்துவிடும், அதற்கு அகலம் இல்லை. "தி", "வி" போன்றவற்றின் கொக்கியையும் விட்டுவிடலாம். இப்படித் துண்டுகளாக எண்ணினால் உங்கள் முதல் வரி 27. இரண்டாவது 22. மூன்றாவது 21.

20 எழுத்து என்று கவுண்ட்டரில் சொல்வது சராசரி. அந்தப் பக்கத்திலிருந்து நன்றாக நிரம்பிய நாலைந்து வரிகளை எடுத்துத் துண்டுகளாக எண்ணிப் பாருங்கள். 24 வரை போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது "மேசை" முதல் வரியில் நிற்காது, கீழே இறங்கும். அது "இன்னபுரம்" என்பதை மூன்றாம் வரிக்குத் தள்ளும், அது தொலைபேசி எண்ணை நான்காம் வரிக்குத் தள்ளும். ஒரு சொல் இறங்கியதில் ஒரு முழு வரிக்குக் காசு.

"மர" என்பதை எடுத்துவிடுங்கள்:

தையல் மெஷின், மோட்டார், மேசை

துண்டுக் கணக்கில் சரியாக 24. தொங்கலில்தான் நிற்கிறது, ஆனால் நிற்கும். மேசை மரமா தகடா என்பதை அழைப்பவர் கேட்டுக்கொள்ளட்டும்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

எண் இலக்கங்களின் அகலமும் எழுத்தின் அகலமும் ஒன்றல்லவே, அதை என்ன செய்வது? "ண", "ஷ" போன்றவை "ர"வைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்கின்றன. துண்டுக் கணக்கும் தோராயம்தான்.

---

மூன்றாம்பத்தி எழுதியது:

தோராயம்தான். ஆனால் எழுத்தை எண்ணுவதைவிட அருகில் வரும். இலக்கங்கள் பெரும்பாலும் குறுகியவை, ஆகவே எண் உள்ள கடைசி வரியில் கொஞ்சம் தாராளம் இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரே வழி, வடிவமைத்த புரூஃபைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது.

---

தட்டச்சு எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. இணையப் படிவத்தில் நான் தட்டியபோது முதல் வரிக்கு 28 என்று காட்டுகிறது. நீங்கள் ஒருவர் எழுத்து என்கிறீர்கள், ஒருவர் துண்டு என்கிறார். இந்த 28 எங்கிருந்து வந்தது? "தையல் மெஷின், மோட்டார், மேசை" என்றுதான் தட்டினேன்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

கணினிக்குத் "தையல்" ஐந்து. த, அதன் ஐகாரக் குறி, ய, ல, புள்ளி. புள்ளியையும் கொக்கியையும்கூட அது ஒவ்வொன்றாக எண்ணும். "மோ"வை மட்டும் இரண்டோடு விட்டுவிடும். ஆகவே உங்கள் வரி, எழுத்தாக 17, அச்சுத் துண்டாக 24, கணினிக்கு 28. படிவம் கணினிக் கணக்கில் காசு போட்டால் தமிழ் விளம்பரத்துக்கு அநியாயமாக வரும். அப்படித்தான் போடுகிறதா, அல்லது சும்மா காட்டுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

---

தட்டச்சு எழுதியது:

கேட்டேன். "அது தானாக வருவது, நாங்கள் வரியைத்தான் பார்ப்போம்" என்றார்கள். எந்த வரியை என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

---

பழம்பொருள் எழுதியது:

நீங்கள் எல்லோரும் மூன்றாவது வரியைக் கவனிக்கவில்லை. "விலை 00000. 0000000000". இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் உள்ள முற்றுப்புள்ளி அந்தச் சின்ன எழுத்தில் தெரியவே தெரியாது, தட்டுபவர் விட்டுவிட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். விலையும் தொலைபேசி எண்ணும் ஒட்டிக்கொண்டால் அந்த விளம்பரம் செத்தது. விலையே வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

மூன்றாம்பத்தி எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில் ஒரு சொல் வர வேண்டும். விலையை இரண்டாவது வரிக்கு ஏற்றி, இடத்தை மூன்றாவது வரிக்கு இறக்கலாம் என்று பார்த்தேன். "4 ஆண்டு உபயோகம். விலை 00000." துண்டுக் கணக்கில் 25. ஒன்று அதிகம்.

---

குறுக்குவழி எழுதியது:

"உபயோகம்" என்பதை வெட்டுங்கள். "4 ஆண்டு" என்றாலே புரியும்.

---

மூன்றாம்பத்தி எழுதியது:

வேண்டாம். வெறும் "4 ஆண்டு" என்றால் நான்கு ஆண்டு உத்தரவாதம் என்று படிப்பவர்களும் இருப்பார்கள். வெட்டியதால் பொருள் மாறும் இடங்கள் இப்படித்தான் ஒளிந்திருக்கும். வெட்டிய பிறகு, பொருளைப் பார்த்திராத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

அந்த வரியின் கடைசி முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டால் 24 ஆகிவிடும். வரி முடிகிற இடத்தில் புள்ளி இல்லாவிட்டாலும் யாருக்கும் குறையாகத் தெரியாது. அப்போது:

தையல் மெஷின், மோட்டார், மேசை
4 ஆண்டு உபயோகம். விலை 00000
இன்னபுரம். 0000000000

மூன்றாவது வரியில் மிச்ச இடமும் இருக்கிறது, தொலைபேசி எண் உடையாமல் ஒரே வரியில் நிற்கும்.

---

சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மிச்ச இடம் இருந்தால் "மாலை" என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாமா? பகலில் அழைத்தால் என்னால் எடுக்க முடியாது.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

"இன்னபுரம். மாலை 0000000000" துண்டாக 23. கொள்ளும். ஆனால் முதல் இரண்டு வரியும் ஏற்கெனவே 24, மூன்றுமே விளிம்பில் நிற்பதை நான் விரும்பவில்லை. உங்கள் பகுதியின் பெயர் இன்னபுரத்தைவிட இரண்டு துண்டு நீளமானாலும் எண் நான்காம் வரிக்கு இறங்கிவிடும்.

---

பழம்பொருள் எழுதியது:

"மாலை" என்று மட்டும் போட்டால், மாலையில் வந்து பார்க்கலாம் என்று நினைத்துக் கதவைத் தட்டுவார்கள். எனக்கு நடந்திருக்கிறது. எடுக்காத அழைப்பைப் பார்த்துத் திரும்ப அழைத்தால் போதுமே.

---

மூன்றாம்பத்தி எழுதியது:

முகவரி இல்லாமல் கதவைத் தட்ட முடியாது. ஆனாலும் வரிப் பத்திரிகையில் "மாலை" வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். சொல் பத்திரிகையில் நேரம் 15க்குள்ளேயே இருக்கிறது, அங்கே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே வாசகம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், ஒன்றில் இலவசமாக வருவது மற்றதில் ஒரு வரியைச் சாப்பிடும்.

முதல் சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில பத்திரிகைகள் முதல் சொல்லைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே தடித்த எழுத்தில் போடும், சில அகரவரிசைப்படி அடுக்கும். எப்படியானாலும் "தையல்" முதலில் இருப்பதே நல்லது. உங்கள் பழைய வாசகப்படி "எங்கள்" தடித்த எழுத்தில் வந்திருக்கும்.

---

தட்டச்சு எழுதியது:

அகரவரிசை எல்லா இடத்திலும் இல்லை. எங்கள் பக்கத்தில் வந்த வரிசையில்தான் போடுகிறார்கள். சீக்கிரம் கொடுத்தால் மேலே வருமா என்று கேட்டால், அதுவும் இடத்தைப் பொறுத்தது என்கிறார்கள். தடித்த எழுத்துக்குக் காசு கேட்கும் இடங்களும் உண்டு, தடித்த எழுத்து அகலமும் அதிகம் பிடிக்கும். முதல் வரி 24இல் நிற்கிறது என்றீர்களே, "தையல்" தடித்தால் என்ன ஆகும்?

---

மூன்றாம்பத்தி எழுதியது:

இறங்கிவிடக்கூடும். நல்ல கேள்வி. அப்படி ஆகும் என்று புரூஃபில் தெரிந்தால் முதல் வரியின் காற்புள்ளிகளில் ஒன்றை எடுக்கலாம், "தையல் மெஷின் மோட்டார், மேசை" என்று. ஆனால் அப்போது மோட்டார் மட்டும் விற்பனைக்கு என்று ஒருவர் படிக்க இடமிருக்கிறது. எனக்குத் திருப்தியாக இல்லை. வேறு யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

---

சாரல் எழுதியது:

சொல் பத்திரிகையில் 15 சொற்களை அப்படியே கொடுத்துவிட்டேன். "6க்கு" ஒரு சொல்லா இரண்டா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். வரிப் பத்திரிகையில் புரூஃப் கேட்டிருக்கிறேன், நாளை காட்டுவார்களாம்.

---

மூன்றாம்பத்தி எழுதியது:

புரூஃபில் வரியைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள், ஒவ்வோர் இலக்கமாக, வலமிருந்து இடமாக. பல நாள் பிரசுரம் என்றால் முதல் நாளே பத்திரிகையைப் பார்த்துவிடுங்கள். பிழை இருந்து அன்றே சொல்லாவிட்டால், அடுத்த நாட்களின் பிழைக்குப் பொறுப்பில்லை என்பார்கள்.

---

வடக்குவாசல் எழுதியது:

அலுவலகத்தில் மாதிரி வாசகம் கேட்டு வாங்கிவிட்டேன். 52 சொற்கள் இருக்கின்றன. இதை வரிப் பத்திரிகையில் கொடுத்தால் குறையுமா? துண்டாக எண்ணத் தெரியவில்லை, யாராவது எண்ணிச் சொல்ல முடியுமா?

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

பெயரையும் சான்றிதழ் எண்ணையும் மறைத்துவிட்டு, அதே நீளத்துக்கு வேறு எழுத்துகளைப் போட்டு வாசகத்தை இங்கே இடுங்கள். பத்திரிகையின் ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் எண்ண முடியாது.